உங்கள் ஒரு மணி நேரத்துக்கு விலை வைப்பது எப்படி? எந்த வீட்டு வேலையைக் காசு கொடுத்துச் செய்விக்கலாம்?

மாதச் சம்பளத்தை வேலை நேரத்தால் வகுத்து, வருகிற எண்ணைத் தன் மணிக்கூலியாக எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலோரின் வழக்கம். அதைவிடக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் வேலைகளை எல்லாம் வெளியே கொடுத்துவிடலாம் என்று அடுத்து முடிவு செய்கிறார்கள். இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் தவறுகிறது. மணிக்கு வைத்த விலை உண்மையைவிட உயரமாக நிற்கிறது. ஆள் வைத்தால் மிச்சமாகும் நேரமும் உண்மையைவிட அதிகமாகத் தெரிகிறது. இரண்டு பிழையும் ஒரே திசையில் இழுப்பதால், மாதக் கடைசியில் பணம் போயிருக்கும், நேரம் மட்டும் வந்து சேர்ந்திருக்காது.

இந்த இரண்டு எண்களையும் சரியாகக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஓர் அலுவலக ஊழியரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தொகைகளை நாணயத்தின் பெயர் இல்லாமல் வெறும் எண்களாகத் தருகிறேன். உங்கள் ஊர்ப் பணத்தில் நீங்கள் போட்டுப் பார்க்கும்போது எண்கள் மாறும், கணக்கு மாறாது.

முதல் படி: கையில் நிற்கும் மணிக்கூலி

நம் ஊழியருக்கு வரி, பிடித்தம் எல்லாம் போக மாதம் 40,000 கைக்கு வருகிறது. நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 22 நாள், ஆக 176 மணி. வகுத்தால் மணிக்கு 227. இது அவர் நினைத்துக்கொண்டிருக்கும் எண்.

வேலைக்குப் போவதால் மட்டுமே வருகிற செலவுகளை இப்போது கழியுங்கள். பயணத்துக்கு 2,500, வெளியே சாப்பிடுவதால் கூடுதலாக 1,000, வேலைக்கான உடை போன்றவற்றுக்கு 500 என்று வைத்தால் மிஞ்சுவது 36,000. நேரத்திலும் இதே மாதிரி விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டும். தினமும் ஒன்றரை மணி நேரப் பயணம் மாதத்துக்கு 33 மணி. வேலைக்குக் கிளம்புவதிலும், வீட்டுக்கு வந்த பிறகு எடுக்கும் அலுவலகத் தொலைபேசி அழைப்புகளிலும் இன்னொரு 16 மணி. மொத்தம் 225. 36,000-ஐ 225-ஆல் வகுத்தால் 160.

ஆக 227 என்று நினைத்தது 160 ஆகிவிட்டது. வரி கழித்த தொகையில்தான் தொடங்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். வேலைக்கு வருகிறவருக்கு நீங்கள் தருவது வரி கட்டி முடித்த பணம். வரிக்கு முந்தைய சம்பளத்தோடு அதை ஒப்பிட்டால் கணக்கு ஆரம்பத்திலேயே சாய்ந்துவிடும்.

இரண்டாம் படி: அந்த மணியை விற்க முடியுமா?

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. 160 என்பது ஒரு சராசரி. ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் கூட்டித் துடைக்காமல் இருந்தால் யாராவது உங்களுக்கு 160 தரப்போகிறார்களா? மணிக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு, அல்லது சொந்தத் தொழில் செய்து கையில் முடிக்காத வேலை வைத்திருப்பவருக்கு, ஆம், தருவார்கள். அவர் வீட்டு வேலையை வெளியே கொடுத்துவிட்டு அந்த நேரத்தில் சம்பாதித்து லாபம் பார்க்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு மிச்சமான மணியால் வருமானம் ஒரு காசுகூட ஏறாது. அவருக்குக் கிடைப்பது ஓய்வு மட்டும். ஓய்வுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் அது சம்பள விகிதத்துக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

1965-இல் கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர், வீட்டையும் ஒரு சிறிய தொழிற்சாலையாகப் பார்த்தார். கடையில் வாங்கும் பொருளோடு நம் நேரத்தையும் சேர்த்துத்தான் சாப்பாடு, சுத்தமான வீடு, தூக்கம் எல்லாம் உருவாகின்றன, அதனால் எந்தப் பொருளின் உண்மையான விலையிலும் நம் நேரத்தின் விலை அடக்கம் என்பது அவர் வாதம். அதற்குப் பிறகு சாலை, ரயில் திட்டங்களின் பயனைக் கணக்கிடுகிறவர்கள், ஒருவரின் சொந்த நேரத்துக்கு நடைமுறையில் ஏதாவது ஒரு விலை வைத்தே ஆகவேண்டியிருந்தது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் வழிகாட்டுதல், அலுவல் பயணத்தில் மிச்சமாகும் நேரத்தை முழு ஊதிய அளவிலும், உள்ளூர்ச் சொந்தப் பயணத்தில் மிச்சமாகும் நேரத்தை வருமானத்தின் மணி அளவில் ஏறத்தாழ பாதியாகவும் எடுத்துக்கொள்கிறது. விற்க முடியாத மணிக்குத் தொடக்க விலையாக இந்தப் பாதியை நாமும் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊழியருக்கு அது 80.

வீட்டில் சம்பளம் வாங்காத ஒருவர் இருந்தால் இந்தப் படியில் ஒரு பெரிய அநியாயம் நடந்துவிடும். சம்பளம் பூஜ்யம், அதில் பாதியும் பூஜ்யம், ஆகவே அவர் நேரத்துக்கு விலையே இல்லை என்று கணக்கு சொல்லும். அதை ஏற்க வேண்டாம். அவர் செய்யும் வேலைகளுக்கு வெளியாள் வைத்தால் என்ன கூலி ஆகும் என்பதைத் தொடக்க விலையாக வையுங்கள். அடுத்த படியில் வரும் இரண்டு கேள்விகளையும் அவரிடமே கேளுங்கள். சம்பாதிப்பவர் உட்கார்ந்து மற்றவர் நேரத்துக்கு விலை எழுதுவது என்னால் ஒப்புக்கொள்ள முடியாத காரியம்.

மூன்றாம் படி: இரண்டு கேள்விகள்

சூத்திரம் தந்த எண்ணை இனி உங்கள் மனதோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். முதல் கேள்வி: இந்த வாரம் உங்களுக்கு முழுசாக ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும் என்றால், கைப்பணத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள்? இரண்டாம் கேள்வி: உங்கள் ஓய்விலிருந்து ஒரு மணி நேரத்தை, சலிப்பான ஆனால் கடினமில்லாத ஒரு வேலைக்குக் கொடுக்க வேண்டும் என்றால், குறைந்தது எவ்வளவு கேட்பீர்கள்?

இரண்டு விடையும் ஒன்றாக வராது. கொடுக்கச் சொன்னால் கூடுதலாகக் கேட்போம், வாங்கச் சொன்னால் கையை இறுக்குவோம். நம் ஊழியர் முதல் கேள்விக்கு 70 என்றும் இரண்டாவதற்கு 150 என்றும் சொல்கிறார் என்று வையுங்கள். சூத்திரத்தில் வந்த 80 இந்த இடைவெளிக்குள் விழுகிறது. அதனால் இவர் விடைகளை நம்பலாம். முதல் கேள்விக்கே 300 என்று ஒருவர் சொன்னால், கையில் 36,000 நிற்கும் வாழ்க்கையில் அந்த விலைக்கு மாதம் எத்தனை மணி வாங்க முடியும் என்று அவரைக் கேளுங்கள். எண் தானாகக் கீழே இறங்கும்.

இன்னொன்று, எல்லா மணிக்கும் ஒரே விலை இல்லை. இவருக்கு வேலைநாள் மாலை 7 முதல் 9 வரைதான் குழந்தை விழித்திருக்கும் நேரம். சனிக்கிழமைப் பகல் அவ்வளவு இறுக்கமாக இல்லை. எனவே இவர் இரண்டு விலை எழுதிக்கொள்கிறார். சாதாரண மணிக்கு 100, இறுக்கமான மணிக்கு 140. இரண்டுக்கு மேல் வேண்டாம். விலைப்பட்டியல் நீண்டால் யாரும் அதைப் பயன்படுத்த மாட்டார்கள்.

நான்காம் படி: வேலைகளை அளந்து எழுதுங்கள்

இரண்டு வாரம் ஒரு தாளில், அல்லது கைப்பேசியில், ஒவ்வொரு வீட்டு வேலைக்கும் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் குறியுங்கள். நினைவிலிருந்து எழுதாதீர்கள். வெறுக்கும் வேலை நினைவில் நீளமாக இருக்கும், பிடித்த வேலை குட்டையாகிவிடும்.

அளக்கும்போது, கை வேலையில் இருந்த நேரத்தையும் வேலை தானாக ஓடிய நேரத்தையும் பிரித்து எழுதுங்கள். இதைச் செய்யாதவர்கள் துணி துவைப்பதில்தான் ஏமாறுகிறார்கள். நம் ஊழியர் மாதம் 8 முறை இயந்திரத்தில் துணி போடுகிறார். போட்டதிலிருந்து மடித்து வைப்பது வரை ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி, ஆக 12 மணி என்பது அவர் நினைப்பு. ஆனால் துணியைப் பிரித்துப் போடுவது, எடுத்து உலர்த்துவது, மடிப்பது எல்லாம் சேர்ந்து ஒரு முறைக்கு 30 நிமிடம்தான். மீதி நேரத்தில் இயந்திரம் வேலை செய்கிறது, அவர் வேறு எதையோ செய்துகொண்டிருக்கிறார். உண்மைக் கணக்கு 4 மணி.

பட்டியல் வந்ததும் ஒரு சல்லடை. 1934-இல் மார்கரெட் ரீட் என்ற பொருளாதார அறிஞர், வீட்டில் நடப்பவற்றில் எது உற்பத்தி வேலை என்று அடையாளம் காண ஒரு சோதனை சொன்னார். கூலி கொடுத்து மூன்றாம் ஆள் ஒருவரிடம் ஒப்படைக்க முடிகிற காரியமாக இருந்தால் அது வேலை. நமக்காக இன்னொருவர் உடற்பயிற்சி செய்ய முடியாது, குழந்தைக்கு நாம் கதை சொல்வதை இன்னொருவர் செய்தால் அது வேறு காரியம் ஆகிவிடும். அவை பட்டியலில் இருக்கவே கூடாது. பிடித்துச் செய்கிற வேலையையும் எடுத்துவிடுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதுதான் ஒருவருக்கு ஓய்வு என்றால், அதைக் காசு கொடுத்து வெளியே அனுப்புவது இரட்டை நஷ்டம்.

ஐந்தாம் படி: மிச்சமாகும் ஒரு மணி என்ன விலைக்கு வருகிறது?

வேலைக்கு வருகிறவர் மணிக்கு என்ன கூலி கேட்கிறார் என்பது இங்கே தேவையில்லை. உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு செலவாகிறது என்பதுதான் தேவை. அதற்கு இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று கூடுதல் செலவு: கொடுக்கும் தொகையோடு அதைச் சார்ந்த சில்லறைச் செலவைக் கூட்டி, நீங்களே செய்தால் ஆகியிருக்கும் செலவைக் கழிக்க வேண்டும். மற்றது நிகர நேரம்: நீங்கள் செய்தால் ஆகும் நேரத்திலிருந்து மேய்ப்பு நேரத்தைக் கழிக்க வேண்டும். ஆளைத் தேடுவது, நேரம் பேசுவது, வருவதற்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்துவது, பக்கத்தில் நின்று சொல்வது, முடிந்ததைச் சரிபார்ப்பது, சரியாக வராததை மறுபடி செய்வது எல்லாம் மேய்ப்பு நேரம். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால், மிச்சமாகும் ஒரு மணியின் விலை.

நம் ஊழியரின் வேலைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம்.

வீட்டைச் சுத்தம் செய்ய இவருக்கு வாரம் 3 மணி, மாதம் 12 மணி ஆகிறது. ஆள் வைத்தால் மாதம் 900. மேய்ப்புக்கு வாரம் அரை மணி வைத்தால் 2 மணி போய், நிகர நேரம் 10. மணிக்கு 90 விழுகிறது. இவர் விலை 100. வெளியே கொடுக்கலாம்.

துணி துவைப்பதற்கு வெளியே 700. சோப்பு, மின்சாரம் வகையில் 100 மிச்சமாகும், ஆக கூடுதல் செலவு 600. துணியைச் சேர்த்து எண்ணிக் கொடுத்துத் திரும்ப வாங்கிச் சரிபார்க்க மாதம் 1 மணி. 4 மணியில் அது போக 3 மணி. மணிக்கு 200 ஆகிறது, இறுக்கமான மணியின் விலையைக்கூடத் தாண்டிவிட்டது. வேண்டாம். அந்த 12 மணிக் கணக்கையே நம்பியிருந்தால் நிகரம் 11 மணி, மணிக்கு 55 என்று வந்து, இதைத்தான் முதலில் வெளியே கொடுத்திருப்பார்.

ஒரு வேலையை முழுதாகக் கொடுப்பது கட்டாயமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துவைப்பது இயந்திரத்தோடு வீட்டிலேயே இருக்கட்டும், இஸ்திரி போடுவதை மட்டும் கொடுக்கலாம். அதற்குக் கைநேரம் 3 மணி, வெளியே 200, மேய்ப்பு அரை மணி. நிகரம் இரண்டரை மணி, மணிக்கு 80. இயந்திரம் ஏற்கெனவே செய்யும் பகுதிக்குக் காசு கொடுக்காமல், முழுக்க முழுக்க கையால் ஆகும் பகுதிக்கு மட்டும் கொடுப்பது அநேகமாக எப்போதும் மலிவாகவே வரும்.

மளிகைக்கு வாரம் ஒருமுறை போய்வர ஒன்றரை மணி, மாதம் 6 மணி. வீட்டுக்கு வரவழைத்தால் பட்டியல் போடவும் வந்ததைச் சரிபார்க்கவும் வாரம் அரை மணி, ஆக 2 மணி. நிகரம் 4. கொண்டுவரும் கட்டணம் 160, பொருள் விலையில் உள்ள வித்தியாசம் 120, போய்வரும் செலவில் மிச்சம் 80, ஆக 200. மணிக்கு 50. தயங்க வேண்டியதே இல்லை.

வேலைநாள் இரவுச் சமையல்தான் சுவாரசியமானது. சமைத்துப் பாத்திரம் கழுவி முடிக்க ஒன்றேகால் மணி. சமைத்த உணவு வாங்கினால் பொருட்செலவு போக ஒரு வேளைக்கு 130 கூடுதல், சொல்லி வாங்க கால் மணி. நிகரம் 1 மணி, விலை 130. சாதாரண மணி என்றால் மறுத்துவிட வேண்டும். ஆனால் இந்த மணி குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் விழுகிறது, அதற்கு இவர் வைத்த விலை 140. எனவே சரி. அதே சமையலைச் சனிக்கிழமை வெளியே வாங்குவது சரியில்லை.

ஆறாம் படி: மாத உச்சவரம்பு

ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயமாகத் தெரிந்து, எல்லாம் சேர்ந்து கையைக் கடிப்பது சாதாரணமாக நடப்பது. அதனால் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முன்பே முடிவு செய்யுங்கள். அது சேமிப்பிலிருந்தோ கடனிலிருந்தோ வரக்கூடாது, விருப்பச் செலவுகளிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். நம் ஊழியர் 2,000 வைக்கிறார். சுத்தம் 900, இஸ்திரி 200, மளிகை 200, ஆக 1,300. வாரம் இரண்டு இரவு உணவு வாங்கினால் 1,040, மொத்தம் 2,340 ஆகி வரம்பை மீறும். ஓர் இரவு என்றால் 520, மொத்தம் 1,820. மாதம் இருபதரை மணி மிச்சம், சராசரியாக மணிக்கு ஏறத்தாழ 89.

விருப்பச் செலவிலிருந்து எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2017-இல் ஆஷ்லி வில்லன்ஸும் சக ஆய்வாளர்களும் வான்கூவரில் வேலைக்குப் போகும் 60 பேருக்கு இரண்டு வார இறுதிகளில் தலா 40 டாலர் கொடுத்தார்கள். ஒரு வாரம் அதை நேரத்தை மிச்சப்படுத்தும் எதற்காவது செலவிட வேண்டும், மற்ற வாரம் ஏதாவது பொருள் வாங்க வேண்டும். நேரம் வாங்கிய நாளின் முடிவில் அவர்கள் மனநிலை மேலாக இருந்தது. அதே ஆய்வில், எதிர்பாராமல் 40 டாலர் கிடைத்தால் எப்படிச் செலவிடுவீர்கள் என்று வேறு சிலரைக் கேட்டபோது, நேரம் வாங்குவேன் என்றவர்கள் 2 சதவீதம் மட்டுமே. பொருளுக்குப் போகிற பணத்தைத் திருப்பினால் பலன் உண்டு. வாடகைக்கும் மருந்துக்கும் உள்ள பணத்தைத் திருப்பினால் அது வேறு கதை.

ஏழாம் படி: இரண்டு மாதச் சோதனை

ஒப்புக்கொள்வதை இரண்டு மாதச் சோதனை என்றே வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்கு வருகிறவரிடமும் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு வார எண்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். சொல்லிக் கொடுக்கும் நேரம் அப்போது மிக அதிகமாக இருக்கும், பிறகு குறையும். மூன்றாம் வாரத்திலிருந்து மேய்ப்பு நேரத்தை மறுபடி அளந்து, அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

நம் ஊழியருக்குச் சுத்தம் செய்யும் வேலையில் மேய்ப்பு 2 மணி அல்ல, 4 மணி என்று தெரியவந்தால்? அலமாரிகளை அவரே மறுபடி துடைக்கிறார், எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நிகரம் 8 மணி, மணிக்கு 112.5. எல்லையைத் தாண்டிவிட்டது. உடனே ஆளை நிறுத்துவதற்கு முன், வேலையின் அளவைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். யார் செய்தாலும் முடிவு ஒன்றாகவே இருக்கும் இடங்கள் குளியலறை, சமையலறை, தரை. பொருள்கள் அடுக்கிய இடங்களில்தான் மறுவேலை வருகிறது. அவற்றைத் தானே வைத்துக்கொண்டு, மற்றதை மட்டும் 450-க்குப் பேசினால், 7 மணி வேலையில் மேய்ப்பு 1 மணி போக நிகரம் 6 மணி, மணிக்கு 75. சுத்தத்தின் அளவு என்ன என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒருமுறை பேசிவிட்டால், வாராவாரம் சொல்லும் வேலை நின்றுவிடும்.

மிச்சமான நேரம் வேறு எங்கோ ஒழுகிவிடுவதும் உண்டு. சுத்தம் செய்ய ஆள் வந்த மூன்று மணியில் நீங்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு அதே வீட்டில் உட்கார்ந்திருந்தால், வாங்கிய நேரம் கையில் நிற்கவில்லை. வேலையை வெளியே கொடுக்கும் நாளிலேயே அந்த மணிக்கு ஒரு பெயர் வையுங்கள். தூக்கம் என்று எழுதினாலும் அது முழுத் தகுதியான பெயர்தான். மூன்றாம், நான்காம் வாரத்தில் அந்தப் பெயர் நிறைவேறவில்லை என்றால், அந்த மணிக்கு நீங்கள் வைத்த விலையைக் குறைத்து மறுபடி ஒப்பிடுங்கள். பல ஏற்பாடுகள் அந்த ஒப்பீட்டில் கழன்று விழும்.

இன்னொருவர் மிகக் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டால்தான் உங்கள் கணக்கு தேறுகிறது என்றால், அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். உங்கள் மணிக்கு இவ்வளவு கவனமாக விலை பார்த்தவர், எதிரில் நிற்பவரின் மணியையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். அவர் வந்துபோகும் நேரமும் செலவும் அவருடைய கணக்கில் இருக்கிறது, முதல் படியில் உங்கள் கணக்கில் இருந்தது போலவே.

வேலை மாறும்போது, பயண நேரம் மாறும்போது, வீட்டில் ஆள் கூடும்போது இரண்டு விலையையும் புதிதாகப் போடுங்கள். வேலைக்கு வருகிறவர் கூலி உயர்த்திக் கேட்டால், இந்தக் கணக்கு உடனே விடை தரும். 450 கேட்டவர் இப்போது 550 கேட்கிறார் என்றால், 6 மணிக்கு வகுத்துப் பாருங்கள். மணிக்கு ஏறத்தாழ 92, உங்கள் 100-க்குள் இருக்கிறது, பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம். 600 வரை இந்த ஏற்பாடு தாங்கும். அதற்கு மேல் போனால், வாரத்துக்கு ஒருமுறை என்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்க முடியுமா என்று அவரோடு பேசிப் பாருங்கள்.